குளிர்ல மாவு பொங்க எது சரி: சும்மா விடறதா, ஓவன் லைட்டா, ஐஸ் பாக்ஸா, தயிர் மோடா?

"ராத்திரி அரைச்சு வெச்சா காலைல பொங்கிடும்"னு எல்லா ரெசிபிலயும் எழுதிருப்பாங்க, ஆனா அந்த ராத்திரி எத்தனை டிகிரின்னு மட்டும் யாரும் எழுத மாட்டாங்க. மே மாச சென்னைல நடுராத்திரி கூட 28 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும், மூடின சமையல்கட்டு இன்னும் மேல, அங்க 6 மணி நேரத்துல மாவு மூடியைத் தள்ளிட்டு வெளிய வந்துடும். அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு, டிசம்பர்ல பெங்களூர்லயோ ஊட்டிலயோ, இல்ல ஹீட்டரை 20ல வெச்சுட்டு தூங்கற வெளிநாட்டு அபார்ட்மென்ட்லயோ வெச்சா காலைல திறந்து பார்க்கும்போது வெச்ச கோடு வெச்ச இடத்துலயே இருக்கும். உடனே உளுந்து சரியில்ல, உப்பு சரியில்ல, கை ராசி இல்லன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. பெரும்பாலும் மாவு மேல ஒரு தப்பும் இருக்காது, அதுக்கு நேரம் பத்தல அவ்ளோதான்.

அதனால இங்க நான் எடுத்துக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு. கிச்சன் 20 டிகிரில இருக்கு, நாளைக்கு காலைல இட்லி வேணும், கையில நாலு வழி இருக்கு, எதை எடுக்கறது. வெயில் காலத்துக்கு இதே கணக்கு தலைகீழா ஓடும், அதை கடைசில கொஞ்சம் பார்க்கலாம்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான் எந்த வழி ஏன் சரின்னு புரியும். மாவைப் பொங்க வைக்கறது உளுந்தோடயும் அரிசியோடயும் கூடவே வர்ற பாக்டீரியா. அதுல முக்கியமானது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ்னு ஒண்ணு, இது சர்க்கரையைத் தின்னுட்டு லாக்டிக் ஆசிட், கார்பன் டை ஆக்ஸைடு ரெண்டையும் விடும். அந்த கேஸ்தான் மாவைத் தூக்கறது. உளுந்துல இருக்கற புரோட்டீனும் அந்த கொழகொழப்பும் சேர்ந்து கேஸை வெளிய விடாம பிடிச்சு வைக்கும். இதுக்கு அப்புறம் புளிப்பு ஏற ஏற வேற சில பாக்டீரியா ஆளாகும், அதுங்க கேஸ் அதிகம் விடாது, புளிப்பை மட்டும் ஏத்தும்.

இப்ப டிகிரி எங்க வருதுன்னா, நம்ம லூக்கோநாஸ்டாக்குக்கு 20லேர்ந்து 30 வரைக்கும் வசதி. 35ஐத் தாண்டினா அது பின்தங்கும், வெறும் புளிப்பு விடற கூட்டம் முந்திக்கும். அதாவது சூட்டை ஏத்திட்டே போனா பொங்கறதும் புளிக்கறதும் ஒண்ணாவே வேகமாகும்னு நினைக்கக் கூடாது, ஒரு அளவுக்கு மேல புளிப்பு மட்டும்தான் ஓடும், பொங்கல் அங்கயே நிக்கும். 40 டிகிரில வெச்ச மாவு புளிச்சு நாறும், இட்லி தட்டையா வரும், இது நிறைய பேருக்குப் புரியாத மர்மமா இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா கீழ இருக்கற பாதி முடிவு தானா வந்துடும்.

நேரம் எவ்ளோன்னு கேட்டா, 4 பங்கு இட்லி அரிசி 1 பங்கு உளுந்து மாவுக்கு, மாவோட சூடு 28லேர்ந்து 30க்குள்ள இருந்தா 8லேர்ந்து 10 மணி நேரம். 25ல 12, 13 மணி நேரம் ஆகும். 20ல 16லேர்ந்து 20 மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. 34, 35ல 5, 6 மணி நேரத்துல முடிஞ்சிடும். 15க்கு கீழ போனா காத்திருக்கறதே வேஸ்ட், அது கிட்டத்தட்ட ஃப்ரிட்ஜ்தான். கவனிங்க, மாவோட சூடுன்னு சொன்னேன், ரூமோட சூடுன்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணாக பல மணி நேரம் ஆகும், அதுலதான் விளையாட்டே இருக்கு.

ஊற வைக்கறதுலயும் இதே கதைதான், ஆனா அது சுலபம். 30 டிகிரி தண்ணில அரிசி 4 மணி நேரத்துல ஊறிடும், 20ல 6 மணி நேரம் குடுங்க. முழு உளுந்து வெயில்ல ஒண்ணரை மணி நேரம் போதும், குளிர்ல 3 மணி நேரம். அரிசியை நகத்தால கிள்ளினா நடுவுல கடினமா வெள்ளைப் புள்ளி இல்லாம உடையணும், அதான் டெஸ்ட். வெயில்ல உளுந்தை 6 மணி நேரம் வெளிய விட்டா தண்ணி மேல நுரை கட்டும், லேசா வாடை வரும், அரைக்கும்போது உப்பாது. அவ்ளோ நேரம் விடணும்னா ஃப்ரிட்ஜ்ல ஊற வைங்க. ஒரு டீஸ்பூன் வெந்தயம் உளுந்தோடயே போட்டுடுங்க, அந்த வழவழப்பு கேஸ் பிடிக்க உதவும். மாவு அரைச்சதும் உளுந்து மாவுல ஒரு துளி எடுத்து தண்ணி டம்ளர்ல போடுங்க, மிதந்தா காத்து ஏறியிருக்கு. முழுகினா இன்னும் அரைக்கணும், அதை அப்படியே விட்டுட்டு ஓவன் லைட்ல வெச்சாலும் பெருசா பிரயோஜனம் இல்ல.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி ஒண்ணுமே பண்ணாம விடறது. இதை யாரும் ஒரு வழியாவே எடுத்துக்கறதில்ல, ஆனா நேரம் இருந்தா எனக்குப் பிடிச்சது இதுதான். சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு அரைச்சு வெச்சா 20 டிகிரி கிச்சன்ல ஞாயிறு காலை 8 மணிக்கு 18 மணி நேரம் ஆகியிருக்கும், தயாரா இருக்கும், லேட்டானா ஒரு ரெண்டு மணி நேரம். புளிப்பு மென்மையா இருக்கும், வாசம் நல்லா வரும், ஏன்னா அந்த சூட்டுல லூக்கோநாஸ்டாக் நிம்மதியா வேலை பார்க்கும், புளிப்பு பார்ட்டி பின்னாடிதான் வரும். இன்னொரு லாபம், தவறினாலும் பெருசா தவறாது. 20 டிகிரில ரெண்டு மணி நேரம் அதிகம் விட்டா ஒண்ணும் ஆகாது, 34 டிகிரில ரெண்டு மணி நேரம் அதிகம் விட்டா மாவு தோசைக்குத்தான் ஆகும்.

இதுல கஷ்டம் என்னன்னா மாவு கெட்டியா இருக்கணும். தண்ணி மாதிரி அரைச்சிட்டு 18 மணி நேரம் விட்டா பொங்கறதுக்கு முன்னாடியே அரிசி அடில உக்காந்துடும், மேல தண்ணியும் நுரையும் நிக்கும். கரண்டில எடுத்துக் கவுத்தா ரிப்பன் மாதிரி மெதுவா இறங்கணும், அந்தப் பதம். அப்புறம் கிச்சன் ராத்திரி 20லேர்ந்து 16க்கு இறங்கற வீடா இருந்தா இந்த வழி கணக்கே மாறிடும், ஹீட்டர் டைமர் ராத்திரி 11க்கு ஆஃப் ஆகுதான்னு முதல்ல பாருங்க.

ரெண்டாவது ஓவன் லைட். ஓவனை ஆன் பண்ணாம உள்ள லைட்டை மட்டும் போட்டு மாவை உள்ள வைக்கறது. இதை எல்லாரும் சிபாரிசு பண்ணுவாங்க, ஆனா ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டாங்க, உங்க ஓவன் பல்ப் என்ன பல்புன்னு. பழைய இழை பல்பா இருந்தா, 25 வாட்ஸ் 40 வாட்ஸ் மாதிரி, மூடின ஓவன் நல்லா கதகதப்பாகும், 30ஐ ஒட்டி நிக்கும், சில ஓவன்ல காலைக்குள்ள 40ஐயும் தொடும். எல்இடி லைட்டா இருந்தா சூடே கிடையாது, விடிய விடிய லைட் எரியும், மாவு அப்படியே இருக்கும். அதனால மாவு வைக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் சும்மா ஒரு டம்ளர் தண்ணியை உள்ள வெச்சு லைட் போட்டு 5, 6 மணி நேரம் கழிச்சு தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க. 28லேர்ந்து 32க்குள்ள இருந்தா உங்களுக்கு யோகம், வேற வழியே தேட வேணாம். 36ஐத் தாண்டினா கதவுல ஒரு மரக்கரண்டியைச் சொருகி லேசா திறந்து விடுங்க, இல்ல 3 மணி நேரம் லைட், அப்புறம் ஆஃப்னு மாத்துங்க, மூடின ஓவன் அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சிருக்கும்.

இன்னொண்ணு, ஓவன் ஸ்விட்ச் மேல ஒரு டேப் ஒட்டி "உள்ள மாவு"ன்னு எழுதி வைங்க. வீட்ல யாராவது காலைல பீட்சா சூடு பண்றேன்னு 200ல ப்ரீஹீட் போட்டா கதை முடிஞ்சது, இது ஜோக் மாதிரி இருக்கும், நிறைய வீட்ல நடந்த சமாச்சாரம்.

மூணாவது தயிர் மோட் இருக்கற எலக்ட்ரிக் குக்கர். இதுலதான் எனக்கு மத்தவங்களோட ஒத்துப் போகாது. தயிருக்கு வேண்டிய சூடு 40 டிகிரியைச் சுத்தி, அந்த மோட் அதுக்காகவே செட் பண்ணது, தயிர் பாக்டீரியா வேற ஜாதி, அதுக்கு அந்த சூடு சொர்க்கம். நம்ம மாவுக்கு அது ஜாஸ்தி. மேல சொன்ன மாதிரி புளிப்பு முந்திக்கும், அதோட சூடு அடிலேர்ந்து வர்றதால பாத்திரத்தோட ஒட்டியிருக்கற மாவு ஒரு மாதிரி, நடுவுல இருக்கற மாவு ஒரு மாதிரி இருக்கும். 8 மணி நேரம் போட்டுட்டு தூங்கினா காலைல பொங்கி அமுங்கின மாவு கிடைக்கும். சில மாடல்ல தயிர் மோட்லயே குறைஞ்ச சூடுன்னு ஒரு லெவல் இருக்கும், அது 30ஐ ஒட்டி நின்னா ரொம்ப நல்லது, அதையும் தண்ணி வெச்சு அளந்து பார்த்துட்டு நம்புங்க. அந்த லெவல் இல்லன்னா சாதா தயிர் மோடை ஒரு மணி நேரம் மட்டும் போட்டு ஆஃப் பண்ணிட்டு, பாத்திரத்தை உள்ளயே விட்டு மேல ஒரு கனமான துண்டைப் போர்த்தி விடலாம், மாவு சூடாகறதுக்கு ஒரு தள்ளு கிடைக்கும், வறுபடாது.

குக்கர்ல எது பண்ணாலும் அதோட ப்ரஷர் மூடியைப் போடாதீங்க, கண்ணாடி மூடியோ தட்டோ போதும். மாவு பொங்கி வால்வுக்குள்ள போயி காஞ்சா அதைக் குத்தி எடுக்கறது ஒரு நாள் வேலை. பாதிக்கு மேல ஊத்தவும் வேணாம்.

நாலாவது ஐஸ் பாக்ஸ். பிக்னிக்குக்கு எடுத்துட்டுப் போற ஐஸ் பெட்டி இல்லன்னா மீன் வர்ற மாதிரி தெர்மாகோல் பெட்டி. குளிரை உள்ள வைக்கற பெட்டி சூட்டையும் உள்ள வைக்கும். மாவுப் பாத்திரத்தை நடுவுல வெச்சு, ரெண்டு ஓரத்துலயும் ஒரு லிட்டர் பாட்டில்ல 50 டிகிரி தண்ணி, அதாவது கையால பிடிச்சா சுடும் ஆனா பிடிச்சுக்க முடியற அளவு, ஊத்தி வெச்சு மூடறது. பாட்டில் பாத்திரத்தை ஒட்டக் கூடாது, நடுவுல ஒரு துண்டு. கரண்ட் செலவு கிடையாது, 40க்கு போகுமோன்னு பயம் கிடையாது ஏன்னா சூடு நேரமாக ஆக இறங்கத்தான் செய்யும். பெட்டி நல்ல பெட்டியா இருந்தா ராத்திரி முழுக்க தாங்கும், சுமாரானதா இருந்தா படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணி மாத்தணும். ஓவன் பல்ப் எல்இடின்னா நான் சொல்றது கண்ணை மூடிட்டு இதுதான்.

ஆனா இந்த நாலுலயும் மூணுக்குப் பொதுவா ஒரு ஓட்டை இருக்கு, அதைத்தான் பெருசா சொல்ல வந்தேன். மாவு ரொம்ப கனமான சாமான், சூடாக நேரம் எடுக்கும். 20 டிகிரில ரெண்டேகால் கிலோ மாவை 30 டிகிரி ஓவன்ல வெச்சா அது 28ஐத் தொடவே 3, 4 மணி நேரம் ஆகும். நீங்க ராத்திரி 10 மணிக்கு வெச்சு காலைல 7க்கு எடுக்கறதா இருந்தா 9 மணி நேரம் இருக்குன்னு நினைப்பீங்க, அதுல மாவு உண்மையா சூட்டுல இருந்தது 5, 6 மணி நேரம்தான். அப்ப பாதிதான் பொங்கியிருக்கும், ஓவன் லைட் வேலை செய்யலன்னு சொல்வீங்க. தீர்வு, மாவை வைக்கும்போதே சூடா வைக்கறது. இதுக்கு எந்த மெஷினும் வேணாம், அரைக்கற தண்ணி போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4 கப் இட்லி அரிசி, சுமார் 800 கிராம். 1 கப் முழு உளுந்து, 200 கிராம். ஊறினதும் அரிசி 1060 கிராம் கிட்ட வரும், உளுந்து 420 கிட்ட. ரெண்டும் ரூம் சூட்டுல, 20 டிகிரி. உளுந்து அரைக்க 350 மில்லி தண்ணி, அரிசி அரைக்க 400 மில்லி. உளுந்துக்கு சூடு தண்ணி வேணாம், மிக்ஸில அரைச்சா அதுவே சூடாகும், ரொம்ப சூடானா உப்பறது குறையும், அதனால அதை சாதா தண்ணிலயே அரைங்க, முடிக்கும்போது 22, 23ல இருக்கும். விளையாட வேண்டியது அரிசிலதான். அரிசிக்கு ஊத்தற 400 மில்லியை 50 டிகிரில ஊத்தினா அரிசி மாவு 32 டிகிரிக்கு வந்துடும். ரெண்டையும் கலந்தா மொத்த மாவு 28 டிகிரி. அதாவது பெட்டிக்குள்ள போகும்போதே வேண்டிய சூட்டுல இருக்கு, அந்த 3, 4 மணி நேரம் லாபம். 10 மணிக்கு வெச்சது காலைல 7 மணிக்கு ரெடி.

கிரைண்டர்ல அரைக்கறவங்களுக்கு கல் சூட்டை உறிஞ்சும், அதனால 28க்கு பதிலா 26 மாதிரி வரும், அதுக்கு அரிசியோட ஊற வெச்ச தண்ணியை வடிச்சிட்டு கடைசி அரை மணி நேரம் கைக்கு இதமா வெதுவெதுன்னு இருக்கற தண்ணில போட்டு வைங்க, சரியாகும். மிக்ஸில அரிசியை ஒரே மூச்சுல ஓட்டினீங்கன்னா மோட்டார் சூடு மேல ஏறும், அப்ப 45 டிகிரி தண்ணியே போதும். அரைச்சு முடிச்சதும் ஒரு கிச்சன் தெர்மாமீட்டரை மாவுக்குள்ள விட்டுப் பாருங்க, கணக்கு ஒரு டிகிரி ரெண்டு டிகிரி அப்படி இப்படி இருந்தா பரவால்ல, 35ஐத் தாண்டக் கூடாது.

இப்படி சூடா அரைச்ச மாவை வெறுமனே மேடை மேல வெச்சா ஆகாதான்னு கேப்பீங்க. ஆகாது. ஸ்டீல் பாத்திரம் திறந்த கிச்சன்ல ரெண்டு மணி நேரத்துலயே ஏத்தின சூட்டுல பாதிக்கு மேல விட்டுடும். கம்பளி சுத்தினா அதை விட நல்லா தாங்கும், பெட்டிக்குள்ள வெச்சா அதை விட. கம்பளிங்கறது சூட்டை உண்டாக்காது, இருக்கற சூட்டைப் பிடிச்சு வைக்கும், அதனால குளிர்ந்த மாவுக்கு கம்பளி சுத்தறது குளிரைப் போர்த்தி வைக்கறதுதான்.

அப்ப முடிவு எப்படி எடுக்கறதுன்னா, என் வரிசை இது. மதியமே அரைக்க முடியும்னா சும்மா விடுங்க. ராத்திரிதான் அரைக்க முடியும், காலைல வேணும்னா வெதுவெது தண்ணில அரைச்சு ஐஸ் பாக்ஸ், இல்ல அளந்து பார்த்த ஓவன் லைட். குறைஞ்ச சூடு லெவல் இருக்கற குக்கர் இருந்தா அது மூணாவது. சாதா தயிர் மோட் எனக்கு கடைசி, தோசைக்கு மட்டும்னா ஓகே, தோசை கொஞ்சம் புளிப்பைத் தாங்கும், இட்லி தாங்காது.

பழைய மாவு ஒரு கரண்டி சேர்க்கறதைப் பத்தி கேப்பாங்க. சேர்த்தா நேரம் குறையும்ங்கறது உண்மை. ஆனா ஃப்ரிட்ஜ்ல 5 நாள் கிடந்து புளிச்ச மாவை சேர்த்தா அதுல இருக்கறது பெரும்பாலும் புளிப்பு கூட்டம், அதுங்களுக்குத்தான் நீங்க டிக்கெட் வாங்கிக் குடுக்கறீங்க. முந்தின நாள் நல்லா பொங்கின மாவுல கால் கப் எடுத்து வெச்சிருந்து சேர்த்தா நல்ல பலன் உண்டு. ஈஸ்ட் போட்டா பொங்கும், பன் வாசம் வரும், எனக்கு வேணாம். சோடா கடைசி நேர ஒட்டு வேலை. அவல் சேர்த்தா இட்லி மெத்துன்னு வரும், அதுக்காக சேர்க்கலாம்.

உப்பு சண்டை தனி. குளிர்ல கடைசில போடு, வெயில்ல முதல்லயே போடுன்னு சொல்வாங்க, திசை சரிதான், உப்பு கொஞ்சம் மெதுவாக்கும். ஆனா நம்ம போடற அளவு இவ்ளோ மாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், மொத்தத்துல நூத்துக்கு ஒரு பங்கு கூட வராது, அதோட தாக்கம் ரெண்டு மூணு டிகிரி சூட்டோட தாக்கத்துக்கு முன்னாடி சின்னது. 20 டிகிரில மாவை வெச்சுட்டு கல்லுப்பா தூள் உப்பான்னு யோசிக்கறது நேர விரயம்.

பொங்கிடுச்சான்னு எப்படி தெரியும்னா, கடிகாரத்தை விடுங்க, ஒரு நேரான கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் மாவு ஊத்தி மட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்துல வைங்க. சின்ன டம்ளர் சீக்கிரம் சூடாகும் சீக்கிரம் ஆறும், அதனால ரெண்டும் துல்லியமா ஒத்துப் போகாது, ஆனா பாத்திரத்தைத் திறந்து திறந்து குத்திப் பார்க்கறது மிச்சம். ஒண்ணரை மடங்கு தாண்டி, மேல லேசா குமிழா தூக்கி, ஓரத்துல கண்ணாடி வழியா குட்டி குட்டி குமிழி தெரிஞ்சா போதும், இரண்டு மடங்கு ஆகணும்னு கட்டாயம் இல்ல, மிக்ஸில அரைச்ச மாவு பல நேரம் அவ்ளோ ஏறாது, இட்லி நல்லாவே வரும். நடுவுல அமுங்கி, பாத்திரத்துல மேல ஒரு கோடு காஞ்சு நின்னு, மாவு அதுக்கு கீழ இறங்கியிருந்தா நேரம் தாண்டிடுச்சு, அதை தோசைக்கு வெச்சுக்கங்க. ரோஸ், ஆரஞ்சு, கருப்புன்னு ஏதாவது நிறத்துல புள்ளி இருந்தாலோ, புளிப்பா இல்லாம அழுகின வாடை வந்தாலோ யோசிக்காம கொட்டிடுங்க, மேல எடுத்துட்டு கீழ இருக்கறதை உபயோகிக்கற வேலை வேணாம்.

இப்ப வெயில் பக்கம். கிச்சன் 34ல இருக்கும்போது பிரச்சனை தலைகீழ், பொங்கறதுக்கு முன்னாடி புளிப்பு முந்தும். இங்க ரெண்டு வழிதான் ஒப்பிடத் தகுந்தது. ஒண்ணு, அரைக்கறதுக்கு ஐஸ் தண்ணி, ஊறின உளுந்தையும் அரிசியையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு அரைக்கறது. மாவு 24, 25ல ஆரம்பிச்சா அது ரூம் சூட்டை எட்டிப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும், ராத்திரி 10க்கு வெச்சது 5 மணிக்கு சரியா இருக்கும். பாத்திரத்தை ஒரு அகல தட்டுல தண்ணிக்குள்ள வெச்சு மேல ஈரத் துணி சுத்தினா காத்து இருக்கற இடத்துல இன்னும் ரெண்டு மூணு டிகிரி குறையும், கடலோர ஈரப்பதத்துல அவ்ளோ பலன் இருக்காது. இன்னொண்ணு, 4 மணி நேரம் வெளிய விட்டு முக்கால்வாசி பொங்கினதும் ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளறது. இதுல எல்லாரும் கவனிக்காத விஷயம், அதே கனமான மாவு இங்கயும் மெதுவாத்தான் ஆறும், ஃப்ரிட்ஜ்ல போன பின்னாடியும் ரெண்டு மணி நேரம் பொங்கிட்டே இருக்கும். முழுசா பொங்கின பின்னாடி உள்ள வெச்சா உள்ளயே அமுங்கிடும், மூடி இறுக்கமா இருந்தா வழிஞ்சு தட்டெல்லாம் ஆகும். அதனால முக்கால்ல எடுத்து, ரெண்டு சின்ன பாத்திரமா பிரிச்சு, பாதி காலி இடம் விட்டு வைங்க. ராத்திரி முழுச்சுக்க முடியாதுன்னா முதல் வழி, சாயங்காலம் அரைக்கற ஆளா இருந்தா ரெண்டாவது.

குளிர்லயோ வெயில்லயோ கணக்கு தவறி காலைல 7 மணிக்கு மாவு பாதிதான் பொங்கியிருக்குன்னு வைங்க. அப்ப இட்லித் தட்டை எடுக்காதீங்க, பாறாங்கல்லுதான் வரும். வேண்டிய அளவு மாவை தனியா எடுத்து கொஞ்சம் தண்ணி விட்டு தோசையோ, மேல வெங்காயம் தூவி ஊத்தப்பமோ போட்டுக்கங்க, அதுக்கு பாதி பொங்கல் தாராளம். மிச்சத்தைக் கலக்காம அதே கதகதப்புல வைங்க, கலக்கினா பிடிச்சு வெச்ச கேஸ் போயிடும். ராத்திரிக்கு இட்லி வரும்.